மலைப்பூண்டு ஆர்டர் ரத்து: மன்னிப்பும் பணம் திரும்பிய விவரமும்

வணக்கம் செல்வி அம்மா,

பூம்பாறையிலிருந்து முருகேசன் எழுதுகிறேன். 12ஆம் தேதி நீங்கள் பணம் கட்டி ஆர்டர் செய்த 2 கிலோ மலைப்பூண்டை என்னால் அனுப்ப முடியவில்லை. ஆர்டரை ரத்து செய்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தப்பு என்னுடையதுதான். பரணில் 40 கிலோ இருக்கிறது என்று கணக்குப் போட்டு ஆர்டர் எடுத்தேன். போன வாரம் விடாத மழை. நேற்று கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், புகை சரியாக ஏறாத பக்கம் முழுக்க ஈரம் கோத்து, பாதிக்கு மேல் முளை விட்டிருந்தது. சிலதில் பூஞ்சையும் இருந்தது. தேறியது முன்னால் ஆர்டர் செய்தவர்களுக்கே சரியாகப் போய்விட்டது. பிரித்துப் பார்த்த பிறகுதான் ஆர்டரே எடுத்திருக்க வேண்டும்.

வடுகப்பட்டி சந்தையில் வேறு பூண்டு வாங்கி உங்கள் பார்சலை நிரப்பியிருக்கலாம். மகள் பிரசவத்துக்கு லேகியம் கிண்ட என்று சொல்லிக் கேட்டீர்கள். மலைப்பூண்டு என்று பெயர் சொல்லி வேறொன்றை அதில் போட எனக்கு மனசு வரவில்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு இது, எங்கள் ஊர்ப் பெயரும் அதோடு சேர்ந்தே வருகிறது.

பூண்டுக்கு 900, கூரியருக்கு 120, மொத்தம் 1,020 ரூபாயை இன்று காலை உங்கள் ஜிபே எண்ணுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். ரசீதின் படத்தைக் கீழே வைத்திருக்கிறேன். கணக்கில் ஏறவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், நானே பார்த்துச் சரிசெய்கிறேன்.

எங்கள் வீட்டுச் சமையலுக்கென்று அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட பூண்டில் அரை கிலோ நல்லதாக இருக்கிறது. பல் கொஞ்சம் சிறிசு, ஆனால் புகை நன்றாக ஏறி, காரம் குறையாமல் இருக்கிறது. லேகியம் ஒரு தடவை கிண்ட அது போதும் என்று என் அம்மா சொல்கிறார். அதை உங்களுக்கு இலவசமாகவே தருகிறேன், கூரியர் செலவும் என்னுடையது. இன்று மாலை 4 மணிக்குள் 'சரி' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் கொடைக்கானல் போகும் பஸ்ஸில் கொடுத்துவிட்டு இன்றைக்கே கூரியரில் சேர்த்துவிடுகிறேன். வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை.

அப்புறம், பக்கத்துத் தோட்டத்தில் பூண்டு பிடுங்க இன்னும் மூன்று வாரம் ஆகும். அது காய்ந்து வர மேலும் இரண்டு வாரம். அப்போது விலை ஏறியிருந்தாலும் உங்களுக்கு அதே கிலோ 450 ரூபாய்தான், கூரியர் இலவசம். முன்பணம் வேண்டாம், பூண்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு அனுப்பினால் போதும். அதற்குள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டாலும், அரை கிலோவை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பிரசவம் நல்லபடியாக நடக்கட்டும், அம்மா. மகளுக்கு எங்கள் வீட்டில் எல்லோருடைய வாழ்த்தும்.

முருகேசன்
பூம்பாறை, கொடைக்கானல்