இனி கியூஆரிலும் லிங்கிலும் பணம் கட்டலாம்

வணக்கம் அக்கா, அண்ணன்மார்களே! பிரிக்பீல்ட்ஸ் முறுக்குக் கடையிலிருந்து எழுதுகிறேன். சில்லறை தேடி நாம் இரண்டு பேரும் தவித்தது போதும், இந்த வாரம் முதல் டூயிட்நவ் கியூஆர் வைத்திருக்கிறோம்.

கடைக்கு வந்தால் கல்லாவில் இருக்கும் அட்டையை ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் வங்கி ஆப், டச் அண்ட் கோ இ-வாலட், எதுவானாலும் சரி. தொகையை நீங்களே போட வேண்டும் (38 வெள்ளிக்கு 380 போட்டுவிடாதீர்கள், திருப்பி அனுப்புவது எனக்கும் வேலை!). அனுப்பும் முன் திரையில் எங்கள் கடைப் பெயர் வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். வேறு பெயர் வந்தால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், அட்டை மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்தால், தொகை போட்ட லிங்க் ஒன்று இதே எண்ணிலிருந்து வரும், அதைத் திறந்து எஃப்பிஎக்ஸில் உங்கள் வங்கியைத் தேர்ந்து கட்டலாம். கியூஆர் படம்தான் வேண்டும் என்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். அதை கேலரியில் சேமித்து, ஆப்பின் ஸ்கேன் பக்கத்தில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும், இன்னொரு போன் தேவையில்லை.

கட்டியதும் ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆர்டர் பெயரோடு இங்கேயே அனுப்புங்கள். Successful என்று இருக்க வேண்டும், Pending என்றால் கொஞ்சம் பொறுங்கள், அவசரப்பட்டு இரண்டாவது தடவை கட்டாதீர்கள். எங்கள் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்துவிட்டு "கிடைத்தது" என்று பதில் போடுவேன், அப்புறம்தான் பொட்டலம் கட்டுவோம்.

டிஏசி எண்ணோ பாஸ்வர்டோ நான் எப்போதும் கேட்கமாட்டேன். ரொக்கம் தருகிறவர்கள் வழக்கம்போல் தரலாம்.