சட்டைப்பைச் சூடு

காபி மிட்டாய் என்று கேட்டால் சிங்கப்பூரில் கோபிகோதான் கைக்கு வரும். இந்தோனேசியாச் சரக்கு. பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும், தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரியின் மினிமார்ட்டிலும் கிடைக்கும். கண்ணாடித் துண்டு மாதிரி கெட்டியாக இருக்கும். கடித்தால் நொறுங்கும், சப்பினால் கரையும். நைட் ஷிப்ட் தொடங்கி மூன்றாவது வாரத்தில் முருகேசன் அண்ணன் அதில் ஒன்றைச் செல்வத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"வாயில போடு தம்பி. மூணு மணிக்கு மேல கண்ணு சொருகும்போது இதுதான் காப்பாத்தும்."

போட்டான். காபி கசப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பல்லில் ஒட்டவில்லை. ஒட்டியிருக்க வேண்டும் என்று தோன்றிய பிறகுதான், தான் தேடுவது வேறொன்று என்று அவனுக்குப் பிடிபட்டது. காபி பைட். பாரிஸ் காபி பைட். காபியா டாஃபியா என்று விளம்பரத்தில் சண்டை போட்டுக்கொள்வார்களே, அதுவேதான். ஐம்பது காசு சில்லறை இல்லாவிட்டால் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து எடுத்து நீட்டுவார். செல்வத்துக்கு அது கடையிலிருந்து வந்ததைவிட அப்பாவின் சட்டைப்பையிலிருந்து வந்ததுதான் அதிகம்.

ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். 1842-ல் தொடங்கிய சர்க்கரை ஆலை. கரும்பு அரைக்கும் மாதங்களில் தெருவெல்லாம் வெல்லப்பாகு வாசம் அடிக்கும். அதே ஊரில் மிட்டாய் ஆலையும் உண்டு. அப்பாவுக்கு சர்க்கரை ஆலை பாய்லரில் வேலை. கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கிற இடம். காலையில் சைக்கிளை நிறுத்தியதும் சட்டைப்பைக்குள் இரண்டு விரல் விட்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். செல்வம் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே அது வாய்க்குள் போய்விடும்.

அடுத்து வந்த ஞாயிறே கிளம்பிவிட்டான். டார்மிட்டரியிலிருந்து துவாஸ் லிங்க், அங்கிருந்து பச்சை லைனில் ஊட்ரம் பார்க், அங்கே ஊதா லைனுக்கு மாறி லிட்டில் இந்தியா. எல்லாரும் தேக்கா என்றுதான் சொல்வார்கள். ரயிலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். முதலில் முஸ்தபா என்கிற பெரிய கடை. மிட்டாய் வரிசையில் மேலிருந்து கீழாக, தட்டுத் தட்டாகப் பார்த்தான். மாங்காய் மிட்டாய், இஞ்சி மிட்டாய், புளி மிட்டாய், துருக்கி சாக்லேட், மலேசிய டாஃபி. சீருடை போட்டிருந்த பையனிடம் "பாரிஸ் காபி பைட்" என்றான். பையன் கையிலிருந்த கருவியில் 'Parry' என்று தட்டினான். ஒன்றும் வரவில்லை. 'Coffee' என்று தட்டினான். நாற்பது வகை காபித்தூள் வந்து நின்றது.

அன்று ஏழு கடை ஏறி இறங்கினான். மூன்று கடையில் கோபிகோவை எடுத்து நீட்டினார்கள். ஒரு கடையில் "இருந்துச்சு, தீந்துடுச்சு" என்றார்கள். எதைக் கேட்டாலும் அந்தக் கடையில் வருகிற பதில் அது. அரிசி வாங்க வந்த ஒருவர், "அதெல்லாம் இப்ப வர்றதே இல்லண்ணே" என்று அடித்துச் சொன்னார்.

பஃபலோ ரோட்டில் கறிவேப்பிலைக் கட்டு விற்கிற கடையில் இருந்த அக்காதான் முதல்முறையாக அவனிடம் திருப்பிக் கேள்வி கேட்டார்.

"கம்பெனி பேர் என்ன சொல்றீங்க தம்பி?"

"பாரி."

"பாரி இப்ப மிட்டாய் போடறதில்ல. 2004-லயே அந்தக் கொரியாக்காரன் லோட்டே வாங்கிட்டான். கவர்ல லோட்டேன்னுதான் இருக்கும். பாரின்னு கேட்டா எந்தக் கடைக்காரனுக்கும் புரியாது."

மிட்டாய் ஏன் சரியாக வருவதில்லை என்பதையும் அவரே சொன்னார். முறுக்கு, மிக்சர் என்றால் கண்டெய்னரில் வெயில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. டாஃபி அப்படி இல்லை. சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் கொழுப்பும் சேர்ந்த பண்டம். துறைமுகத்தில் நான்கு நாள் வெயிலில் பெட்டி கிடந்தால் இளகிவிடும், திரும்பக் குளிரும்போது பத்துப் பதினைந்தாக ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியான பையைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார், நட்டம் இறக்குமதிக்காரர் தலையில். அதனால் வெயில் காலத்தில் எடுக்க மாட்டார்கள். டப்பாவில் உதிரியாக வருவதையும் அப்படியே அடுக்கி விற்க முடியாது. பைக்கு மேல் ஆங்கிலத்தில் பெயர், சேர்மானம், எடை, எந்த நாட்டுச் சரக்கு, இங்கே இறக்கியவர் பெயர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும்.

"அந்த முகவரி ஸ்டிக்கரைப் பாருங்க. வேற ஏதாவது இந்தியா மிட்டாய்ப் பையத் திருப்பிப் பாத்தா, பின்னாடி சின்னதா ஒட்டியிருப்பான். மிட்டாய் எடுக்கிறவன் ஒண்ணு மட்டும் எடுக்க மாட்டான், நாலஞ்சு வகை சேத்துத்தான் எடுப்பான். அவன்கிட்ட கேளுங்க."

அடுத்த ஞாயிறு செல்வம் மிட்டாய் எதுவும் தேடவில்லை, ஸ்டிக்கர்களைத் தேடினான். மாங்காய் மிட்டாய்ப் பை ஒவ்வொன்றையும் திருப்பிப் படம் எடுத்தான். எழுத்து எறும்பு அளவு இருந்ததால் படத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டியிருந்தது. பதினொரு பையில் மூன்று முகவரிதான் இருந்தது. ஒன்று உட்லண்ட்ஸ் பக்கம், இரண்டு பாண்டான் பக்கம். திங்கட்கிழமை சாயங்காலம், வேலைக்குப் போகும் லாரியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக அழைத்தான். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள், பெட்டிக் கணக்கில்தான் கொடுப்போம், சில்லறை கிடையாது என்றார். செல்வம் போனை வைத்துவிடவில்லை.

"பெட்டி வேணாண்ணே. கடைசியா எந்தக் கடைக்குப் போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஏதோ ரெஜிஸ்டர் புரளும் சத்தம் கேட்டது. டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடை. போன மாதம் இரண்டு பெட்டி.

அதற்கடுத்த ஞாயிறு அந்தக் கடைக்குப் போனான். அது மிட்டாய் வரிசையிலேயே இல்லை. பூஜைச் சாமான்களுக்குக் கீழே, கற்பூர டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. மூன்று வெள்ளி இருபது காசு. செல்வம் முதலில் காலாவதித் தேதியைப் பார்த்தான்; ஐந்து மாதம் பாக்கி. பிறகு பையை விரலால் அமுக்கிப் பார்த்தான். மிட்டாய்கள் தனித்தனியாக நழுவின. கட்டியாகவில்லை. கற்பூர வாசம் ஏறியிருக்குமோ என்று பயந்து பையை மூக்கருகே வைத்துப் பார்த்தான். ஏறவில்லை. வாசலில் நின்றபடியே பிரித்து ஒன்றை வாயில் போட்டான்.

காபி இருந்தது. பால் இருந்தது. ஆனால் கடினமாக இருந்தது. தாள் சுத்தமாகக் கழன்று வந்துவிட்டது. கடித்தால் முதலில் விறைப்பாக உடைந்தது, அப்புறம்தான் மெல்ல மென்மையானது. நல்ல மிட்டாய்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. இன்னொன்று போட்டுப் பார்த்தான். அதுவும் அப்படியே. மீதிப் பையைத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு தேக்கா மார்க்கெட் வரைக்கும் நடந்தான். சாப்பிடத் தோன்றவில்லை. கம்பெனி மாறியதில் சேர்மானத்தை மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினான்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டான். அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால். அப்பா சாப்பிட்டு முடித்து வாசலில் இருந்தார்.

"அப்பா, நீங்க அப்ப கொண்டாந்து குடுப்பீங்களே, காபி பைட். அது எந்தக் கடையில வாங்குவீங்க?"

"எந்தக் கடைன்னா? ஆலை கேட்டு எதிர்ல பெட்டிக் கடை. நைட் ஷிப்ட் போறப்ப ரெண்டு வாங்குவேன். தூக்கம் வந்தா ஒண்ண வாயில போட்டுக்குவேன். இன்னொண்ணு உனக்கு. ஏம்ப்பா?"

"இங்க கிடைச்சுது. ஆனா அந்த மாதிரி இல்லப்பா. தாள்லாம் ஒட்டவே இல்ல."

அப்பா சிரித்தார். "தாள் எப்படிடா ஒட்டும்? கடை மிட்டாயில ஒட்டாது. நான் எட்டு மணி நேரம் பாய்லர் முன்னாடி நின்னவன். சட்டைப்பையில கிடந்தது இளகிப்போயிடும். வேர்வை வேற. உங்கிட்ட குடுக்கும்போது தாளும் மிட்டாயும் ஒண்ணாத்தான் இருக்கும். நீ தாளோட மென்னு தின்னுட்டுக் கடைசியில தாளை மட்டும் துப்புவ. உங்கம்மா திட்டுவா."

செல்வத்துக்குப் பதில் சொல்ல வரவில்லை. "சரிப்பா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

திங்கள் இரவு கப்பலின் அடித்தொட்டியில் வெல்டிங். இறங்குவதற்கு முன் கேஸ் மீட்டரைத் தொட்டியின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் இறக்கிப் பார்த்தார்கள்; ஆக்சிஜன் 20.9 சதவீதம், வெளிக்காற்றில் இருக்கிற அதே அளவு. தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டு, ஹாட் ஒர்க் பெர்மிட்டை வாசலில் மாட்டினார்கள். ஃபயர் வாட்ச் ஆள் தீயணைப்பானோடு ஓட்டைக்கு மேல் உட்கார்ந்தார். செல்வம் உடம்பு முழுக்க மூடும் வேலை உடுப்பான கவராலின் சட்டைப்பைப் பட்டனைத் திறந்து, இரண்டு காபி பைட்டைப் போட்டு, பட்டனை மாட்டி, அதற்கு மேல் தோல் ஜாக்கெட்டை இழுத்து விட்டுக்கொண்டான். தொட்டிக்குள் தின்னக் கூடாது. திங்கிற எண்ணமும் அவனுக்கு இல்லை.

1.2 மில்லி வயர், மேல்நோக்கிச் செங்குத்து வெல்டு. ப்ளோயர் எவ்வளவு காற்றை உள்ளே தள்ளினாலும் இரண்டு பக்கத் தகடும் சூடேறிக் கொதித்தது. ஒரு மணி நேரத்தில் பனியன் நனைந்தது. இரண்டாவது மணி நேரத்தில் கவராலும் நனைந்து நெஞ்சோடு ஒட்டியது. நடுவில் ஒருமுறை வயர் சிக்கி, வெல்டிங் கன்னின் முனையைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அப்போது இடது கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது. விறைப்பு போயிருந்தது. அமுக்கிய இடம் அமுங்கியபடியே நின்றது.

மூன்று மணிக்கு இடைவேளை. ஏணியில் மேலே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு டெக்கில் உட்கார்ந்தான். கையைத் தண்ணீர் விட்டுக் கழுவினான். ஃப்ளக்ஸ் புகை படிந்த கையால் எதையும் தின்னக் கூடாது. ஜாக்கெட்டைத் திறந்து இரண்டு விரலைச் சட்டைப்பைக்குள் விட்டான். மிட்டாய் தட்டையாகி, அவன் நெஞ்சின் வளைவு அதில் பதிந்திருந்தது. தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். பாதி வந்தது, பாதி கிழிந்து மிட்டாயோடு நின்றுவிட்டது. நகத்தால் சுரண்டினான். வரவில்லை. அப்படியே வாயில் போட்டுக்கொண்டான்.

கடைவாய்ப் பல்லில் போய் ஒட்டியது. நாக்கால் நெம்பினான். காபிக்கு முன்னால் ஓர் உப்பு, வேர்வையுடையது, லேசாக வந்து போனது. அப்புறம் பால், அப்புறம் கசப்பு. தாள் தனியே பிரிந்து நாக்கின் நுனிக்கு வந்தது. அதை விரலில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். எழுத்துகள் அழிந்து பழுப்பு மட்டும் மிச்சமிருந்தது.

"என்ன தம்பி, கோபிகோவா?" என்று முருகேசன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

செல்வம் இல்லை என்று தலையாட்டினான். வாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னொன்று பையில் இருந்தது. பட்டனை மாட்டினான். ஷிப்ட் முடிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.