கேட் கிட்ட ஏன் நிக்கிறேன்னா

யாழினி கண்ணு,

"ஏம்பா, வாட்ச்மேன் மாதிரி கேட் கிட்டயே நிக்கிற?" என்று வியாழக்கிழமை உன் தோழி முன்னாலேயே கேட்டுவிட்டாய். "தாழ்ப்பாள் சரியா விழல, அதைப் பார்த்துட்டிருந்தேன்" என்று சமாளித்தேன். தாழ்ப்பாள் நன்றாகத்தான் விழுகிறது. அது உனக்கும் தெரியும். நேரில் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு "சாப்பிட்டியா"வைத் தாண்டி வாய் வராது. அதனால்தான் எழுதி உன் ஃபிசிக்ஸ் நோட்டுக்குள் வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்புகிறேன்.

மணி பார்ப்பதற்காக நிற்கிறேன் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. மாம்பலத்திலிருந்து பெருங்களத்தூர் வரும் கணக்கு எனக்குத் தெரியாதா? டியூஷன் நேரத்துக்கு விட்டாலும் தாம்பரத்தோடு நிற்கிற வண்டிதான் முதலில் வரும். அங்கே இறங்கி செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே வந்து பஸ் பிடிக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின ராத்திரி என்றால் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நகருமா நகராதா என்பதை அதில் விசில் ஊதுகிற கண்டக்டர் என்னிடமே சொல்ல வேண்டியதில்லை. நீ லேட்டாக வருவதற்கு என்னைவிட நல்ல சாட்சி இந்த வீட்டில் கிடையாது.

உன் அம்மா வேறு காரணம் சொல்வாள்: "உன் மேல நம்பிக்கை இருக்குடி, ஊர் மேலதான் இல்ல." எனக்கு அதுவும் முழுசாக ஒப்பவில்லை. ஊரை நான் தினமும் ஏற்றி இறக்குகிறேன். கடைசி ட்ரிப்பில் ஒரு பொண்ணு ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் வண்டியை நிறுத்தாத டிரைவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஸ்டாப்பில் இறங்கியதும் எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, இவங்க வீட்லேர்ந்து ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்த ராத்திரிகளும் உண்டு. ஊரில் நல்லவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

ஆனால் ராத்திரி வண்டியில் தனியாக ஏறுகிற பொண்ணு எங்கே உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் சீட் அத்தனையும் காலியாகக் கிடக்கும். அவள் நேராக என் சீட்டுக்கு முன்னால் வந்து உட்காருவாள். டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டாள், பையை மடியில் இறுக்கிப் பிடித்திருப்பாள். பின்னால் எவனாவது எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பான். நான் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் நடுவில் கம்பியைப் பிடித்து நின்றுகொள்வேன். சில சமயம், "யோவ், முன்னாடி சீட் காலியா இருக்குல்ல, போய் உக்காரு" என்பேன். அவ்வளவுதான். சண்டை கிடையாது, போலீஸ் கிடையாது. இறங்கும்போது சில பொண்ணுங்க "தேங்க்ஸ்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதன்பிறகு நடப்பதைத்தான் நான் யோசிப்பேன். இறங்கி நாலு எட்டு நடப்பதற்குள் துப்பட்டாவைச் சரி செய்து, முகத்தைத் துடைத்து, வீட்டுக்கு என்று ஒரு முகம் தயார் பண்ணிக்கொள்வாள். வீட்டில் முதல் கேள்வி "ஏன் லேட்டு?" என்றுதான் வரும். "ட்ரெயின் லேட்டு" என்பாள். பஸ்ஸில் நடந்தது பஸ்ஸோடு போய்விடும். அடுத்த நாளும் அதே வண்டியில் ஏறி அதே இடத்தில் உட்காருவாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அந்த முகம் வேண்டாம். கேட்டைத் திறக்கிறபோது உன்னிடம் இருக்கிற முகத்தைத்தான் நான் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, ஹாலுக்கு வந்துவிட்டால் நீ கெட்டிக்காரி, ஒன்றும் தெரியாத மாதிரி ஃபோனை நோண்ட ஆரம்பித்துவிடுவாய். அந்த அரை நிமிஷம் போனால் போனதுதான். 1098, 181 எல்லாம் உன் ஃபோனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், போலீஸின் காவல் உதவி ஆப்பும் போட்டிருக்கிறேன். அதில் எதையும் அழுத்துகிற அளவுக்குப் பெரிதாக இல்லாத விஷயங்கள்தான் இந்த ஊரில் அதிகம். அதற்கெல்லாம் ஆள்தான் வேண்டும்.

இன்னொன்று, உன் அத்தை கதை. மதுராந்தகத்தில் அவள் டைப்ரைட்டிங் லோயர் முடித்து ஹையர் போய்க்கொண்டிருந்தாள். மழை நாளில் பஸ் தாமதம் ஆகிவிட்டது. தாத்தா டார்ச் லைட்டோடு தெருமுனைக்கே போய் நின்றார். அவள் இறங்கியதும், "எங்கடி போய்ச் சுத்திட்டு வர்ற?" என்றார், தெருவே கேட்கிற மாதிரி. அவருக்கும் பயம்தான், வேறொன்றும் இல்லை. மறுநாள் அந்தக் கேள்வியைத் தண்ணிக் குழாயடியில் நாலு பேர் திருப்பிக் கேட்டார்கள். அந்த மாதமே கிளாஸை நிறுத்திவிட்டார்கள். ஹையர் எழுதியிருந்தால் அத்தை ஏதாவது ஆபீஸில் இருந்திருப்பாள். விரல் அவ்வளவு வேகம்.

அதனால்தான் நான் தெருமுனைக்கு வருவதில்லை, கேட்டுக்கு உள்ளேயே நிற்கிறேன். வாயையும் திறப்பதில்லை. துளசிக்குத் தண்ணி ஊற்றுகிறேன், பைக்கைத் துடைக்கிறேன், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கிறேன். நடிப்பு சரியில்லை என்பது உன் சிரிப்பிலேயே தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? நான் நிற்கிற நாளில் ஆயா "ஏண்டி இவ்ளோ நேரம்?" என்று ஆரம்பிப்பதில்லை. மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலும், அப்பனே நிற்கிறான் என்று உள்ளே போய்விடுகிறார். அவர்கள் கேட்க வேண்டியதை நான் வாசலிலேயே மறித்துவிடுகிறேன். என்னைத் தாண்டி வந்து உன்னிடம் விசாரணை வைக்கிற தைரியம் நம்ம வீட்டில் உன் அம்மாவுக்கு மட்டும்தான் இருக்கிறது.

விடிகாலை டூட்டி இருக்கிற நாளில் நான் ஒன்பது மணிக்கே படுத்துவிட வேண்டியவன், தெரியும். படுத்தும் பார்த்தேன். தெருவில் போகிற ஒவ்வொரு ஆட்டோவையும் எண்ணிக்கொண்டு படுப்பதற்கு, எழுந்து நிற்பது மேல்.

சரி, உனக்குத் தோழிகள் முன்னால் கூச்சமாக இருக்கிறது, அது நியாயம். யாராவது கூட வந்தால் நான் சமையல்கட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறேன், அங்கிருந்தும் கேட் தெரியும். பதிலுக்கு நீ ஒன்று செய். தாம்பரம் தாண்டியதும் "தாம்பரம்" என்று ஒரு வார்த்தை அனுப்பு. அதற்கப்புறம் நான் ஃபோன் பண்ண மாட்டேன். லேடீஸ் பெட்டி காலியாக இருந்தால் அடம்பிடித்து அதிலேயே உட்காராதே, கூட்டம் இருக்கிற பெட்டிக்கு மாறிக்கொள். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன், சொல்லாமல் வர மாட்டேன். எதைப் பற்றியாவது பேச வேண்டும் என்று இருந்தால் அன்றைக்கே பேச வேண்டிய அவசியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகும்போது பின்னால் உட்கார்ந்து சொல், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன். "ஏன் அந்த வண்டியில் ஏறின?" என்று மட்டும் கேட்க மாட்டேன்.

வருகிற வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட், வீட்டுக்கு வரப் பதினொன்று ஆகும். அந்த வாரம் முழுக்க கேட்டில் அம்மாதான். அவள் தாழ்ப்பாள் பார்க்கிற ஆள் இல்லை, நேராகக் கேட்டுவிடுவாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்பா

பி.கு: உன் ரீசார்ஜ் 14ஆம் தேதியோடு முடிகிறது. டிபன் பாக்ஸுக்குக் கீழே பணம் வைத்திருக்கிறேன்.