பதக்கமா, பழக்கமா?

வாசுகியும் தேவியும் பள்ளி நாளிலிருந்து தோழிகள். வாரம் ஒரு சொற்புதிரை இருவரும் தனித்தனியாகப் போட்டு, விடை வந்தபின் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். இந்த வாரப் புதிருக்கு வாசுகி எழுதிய விடை ‘பழக்கம்’. அச்சில் வந்த விடை ‘பதக்கம்’. தேவியும் அதையே எழுதியிருந்தாள். புதிர் இதுதான்:

ஐந்தெழுத்துச் சொல் ஒன்று.
1. இதில் நெடில் எழுத்து கிடையாது.
2. மொத்தம் நான்கு மாத்திரை.
3. விடாமல் பயின்றவரிடம் வந்து சேரும்.
4. இரண்டாம் எழுத்தை எடுத்துவிட்டால், புத்தகத்தில் புரட்டலாம்.
5. ஒன்று, இரண்டு, ஐந்து சேர்ந்தால் பக்குவம்.
6. மூவினத்தில் ஓரினம் இதில் இல்லவே இல்லை.

வாசுகி: என் விடையைத் தப்பு என்று போட்டிருக்கிறார்கள். எப்படித் தப்பாகும்? ஆறு குறிப்பும் பொருந்துகிறது. இரண்டு விடை இருக்கிற புதிரைப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் சரி என்றால் நியாயமா? எழுதிக் கேட்கப் போகிறேன்.

தேவி: கேள். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு முறை பார்ப்போம். ஆறும் பொருந்துகிறது என்று நிஜமாகவே ஒவ்வொன்றாகப் பார்த்தாயா?

வாசுகி: பார்க்காமலா சொல்வேன்? நீ பார்த்தாயா?

தேவி: உண்மையைச் சொல்கிறேன், நான் முழுசாகப் பார்க்கவில்லை. நான்காவதில் ‘பக்கம்’ கிடைத்தது, ஐந்தாவதில் ‘பதம்’ கிடைத்தது. எழுதிவிட்டேன். அதனால் என் விடையையும் சேர்த்தே சோதிக்கலாம். ஒரு தாளை எடு. மேலே ஒரு வரியில் ப, த, க், க, ம். கீழே ப, ழ, க், க, ம்.

வாசுகி: எழுதிவிட்டேன். புள்ளி எழுத்தையும் ஓர் எழுத்தாகவே கணக்கு வைக்கிறோம், இல்லையா? அப்படியானால் இரண்டிலும் ஐந்து. நெடில் எதிலும் இல்லை. முதல் குறிப்பு முடிந்தது.

தேவி: மாத்திரை?

வாசுகி: குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை. ப ஒன்று, ழ ஒன்று, க் அரை, க ஒன்று, ம் அரை. நான்கு. உன்னுடையதும் அதேதான், ழ இருக்கிற இடத்தில் த, அதுவும் குறில். அடுத்தது மூன்றாவது. அங்கேதான் என் சொல் உன் சொல்லைவிட நன்றாக உட்காருகிறது.

தேவி: எப்படி?

வாசுகி: விடாமல் பயின்றால் என்ன வரும்? பழக்கம்தான் வரும். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று காலங்காலமாகச் சொல்கிறோமே. பயின்ற எல்லாருக்கும் பதக்கம் கிடைத்துவிடுமா? ஓட்டப்பந்தயத்தில் பத்துப் பேர் ஓடினால் மூன்று பேருக்குத்தான். மீதி ஏழு பேரும் விடாமல் பயின்றவர்கள்தானே?

தேவி: அது நல்ல கேள்வி. ஆனால் நீ சொன்ன அந்த வரியிலேயே பார், பழக்கம் என்பது பயிற்சியைத்தான் குறிக்கிறது. கையைப் பழக்கினால் சித்திரம் வரும் என்பதுதான் அதன் பொருள். வந்து சேருவது சித்திரம். பழக்கம் அதற்கான வழி. பயிற்சி செய்தால் பயிற்சி வந்து சேரும் என்று ஒருவர் குறிப்பு எழுதுவாரா?

வாசுகி: எழுதலாம். அதிகாலையில் எழுந்து எழுந்து கடைசியில் அது பழக்கமாக வந்துவிடுகிறது என்கிறோமே. முதலில் பயிற்சி, பிறகு பழக்கம். இரண்டும் ஒன்றில்லை.

தேவி: சரி, அப்படிச் சொல்கிறோம்தான். ‘வந்து சேரும்’ என்ற சொல் வெளியிலிருந்து கைக்கு வருகிற பொருளுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஆனால் அதை வைத்து உன்னுடையதைத் தள்ள முடியாது. இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்று குறித்துக்கொள்.

வாசுகி: குறித்துவிட்டேன். நான்காவதில் சண்டையே இல்லை. உன் தகரத்தை எடுத்தாலும் பக்கம், என் ழகரத்தை எடுத்தாலும் பக்கம்.

தேவி: ஐந்தாவதுக்கு வா. ஒன்று, இரண்டு, ஐந்து. எனக்குப் பதம். உனக்குப் பழம். குறிப்பு பக்குவம் என்கிறது. பழம் எப்படிப் பக்குவமாகும்?

வாசுகி: காய் பக்குவமானால் என்ன? பழம்!

தேவி: அது பக்குவமான பொருள். பக்குவம் இல்லை. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துப் பார். ‘மண் பதமாக இருக்கிறது’, ‘மண் பக்குவமாக இருக்கிறது’. இரண்டும் ஒரே பேச்சு. ‘மண் பழமாக இருக்கிறது’ என்று சொல்லிப் பார்.

வாசுகி: சொல்ல முடியாதுதான். ஆனால் எல்லாக் குறிப்பும் நேர்ப்பொருள் தரவேண்டும் என்று எங்கே இருக்கிறது? நான்காவதைப் பார். ‘புத்தகத்தில் புரட்டலாம்’ என்றுதான் இருக்கிறது. அது பக்கத்துக்கு அர்த்தம் இல்லை, அடையாளம். அதே மாதிரி பக்குவம் என்பது பழத்துக்கு அடையாளமாக இருக்கக் கூடாதா? முதிர்ந்த ஒருவரை ‘அவர் பழம்’ என்கிறோமே.

தேவி: இதை நான் யோசிக்கவில்லை. நான்காவது அப்படி இருக்கும்போது ஐந்தாவதை மட்டும் நேர்ப்பொருள் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஒரே சொல்லில் ‘பக்குவம்’ என்று முடித்திருப்பதால் நேர்ப்பொருள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான்.

வாசுகி: ஆக ஐந்து குறிப்பிலும் என் சொல் நிற்கிறது.

தேவி: நிற்கிறது. இரண்டில் கொஞ்சம் நொண்டுகிறது, ஆனாலும் நிற்கிறது. ஆறாவது?

வாசுகி: அதுவும் சுலபம். மூவினம் என்றால் வல்லினம், மெல்லினம், இடையினம். என் சொல்லில் க் வல்லினம், ம் மெல்லினம். இடையினம் இல்லை. முடிந்தது.

தேவி: இரு, இரு. ழ என்ன இனம்?

வாசுகி: ழ் இடையினம். ஆனால் இங்கே இருப்பது ழ் இல்லை, ழ. இன்னும் விளக்கமாகச் சொல்கிறேன். மெய்யெழுத்து 18. அதைத்தான் ஆறு ஆறாக மூன்று இனமாகப் பிரித்தார்கள். உயிர்மெய் 216 தனி. அதனால் புள்ளி வைத்த எழுத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். என் சொல்லில் புள்ளி இருப்பது இரண்டுக்குத்தான். நான் இதைக் கவனிக்காமல் விடவில்லை, யோசித்துத்தான் எழுதினேன்.

தேவி: யோசித்திருக்கிறாய், தெரிகிறது. மெய்யைத்தான் மூன்றாகப் பிரித்தார்கள் என்பதும் சரி. ஆனால் உயிர் சேர்ந்ததும் அந்த இனம் போய்விடுமா? அதுதான் கேள்வி. ‘அந்தப் பையன்’ என்று எழுது.

வாசுகி: எழுதினேன்.

தேவி: நடுவில் ஒரு ப் போட்டாய். ஏன்?

வாசுகி: அந்த, இந்த, எந்த வந்தால் பின்னால் வல்லினம் மிகும்.

தேவி: ‘அந்த மரம்’ என்பதில் ஏன் மிகவில்லை?

வாசுகி: ம மெல்லினம் என்பதால்.

தேவி: ‘பையன்’ என்பதில் முதல் எழுத்து பை. அதில் புள்ளி இருக்கிறதா? ‘மரம்’ என்பதில் ம. அதில் இருக்கிறதா? ஆனாலும் பையை வல்லினம் என்றும், மவை மெல்லினம் என்றும் நீதான் இப்போது சொன்னாய்.

வாசுகி: ...

தேவி: தமிழ்ச் சொல் எதுவும் தனி மெய்யில் தொடங்காது. புள்ளி வைத்த எழுத்துக்கு மட்டும்தான் இனம் என்றால், ‘வல்லினம் மிகும்’ என்ற விதிக்கே வேலை இல்லாமல் போகும். சொல்லின் தொடக்கத்தில் வல்லினமே இருக்காதே.

வாசுகி: கொஞ்சம் பொறு. இன்னொன்றைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்கிறேன். நன்னூலில் ‘வல்லினம் க ச ட த ப ற என ஆறே’ என்று வரும். இடையினத்துக்கு ‘ய ர ல வ ழ ள என ஆறே’. அங்கேயும் புள்ளி இல்லை. ஆனால் அது சொல்ல வசதியாக அகரம் சேர்த்தது, அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்றுதான் நினைத்தேன்.

தேவி: அந்த வரியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, சரிதான். அதனால்தான் நான் அதை எடுக்கவில்லை.

வாசுகி: ஆனால் ‘அந்தப் பையன்’ முடிவு செய்துவிடுகிறது. தினமும் எழுதுகிறேன், தினமும் அந்த ப்பைப் போடுகிறேன். ழ என்றால் ழ், அ. உள்ளே ழ் இருக்கத்தான் செய்கிறது. சரி, தாளில் முழுசாகப் போடுகிறேன். ப வல்லினம். ழ இடையினம். க் வல்லினம். க வல்லினம். ம் மெல்லினம். மூன்றும் வந்துவிட்டது. ஓரினம் இல்லவே இல்லை என்பது இங்கே பொருந்தாது.

தேவி: இப்போது என்னுடையதைப் போடு. நானும் சரிபார்க்கவில்லை என்று சொன்னேனே.

வாசுகி: ப, த, க், க நான்கும் வல்லினம். ம் மெல்லினம். இடையினம் இல்லை. பொருந்துகிறது. அந்த ‘இல்லவே இல்லை’ என்ற அழுத்தத்தை நான் படித்துவிட்டுச் சும்மா தாண்டிவிட்டேன். புள்ளி எழுத்தில் மட்டும் இல்லை என்றால் ‘இல்லை’ என்றே போதும். அவர் ழவை வெளியே தள்ளத்தான் அந்தக் குறிப்பையே வைத்திருக்கிறார், தேவி! ‘பழக்கம்’ என்று யாராவது எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தேவி: ஆமாம், ஆறாவது இல்லாவிட்டால் உன் வாதத்தை என்னால் உடைத்திருக்கவே முடியாது.

வாசுகி: அப்படியானால் இன்னொரு வேலை பாக்கி. என் சொல் போய்விட்டது, சரி. உன் சொல் மட்டும்தான் விடையா? மூன்றாவதாக ஒன்று இருந்தால் புதிர் தப்புதானே?

தேவி: பார்க்கலாம். ‘பக்கம்’ நான்கு இடத்தை நிரப்பிவிட்டது. இரண்டாம் எழுத்து மட்டும்தான் காலி. இடையினத்தை ஆறாவது குறிப்பு வெட்டிவிட்டது.

வாசுகி: அப்போது வல்லினமும் மெல்லினமும். பகம், பசம், படம், பதம், பபம், பறம். ஒன்று, இரண்டு, ஐந்தில் படத்துக்குப் பொருள் இருக்கிறது, ஆனால் பக்குவம் இல்லை. மெல்லினத்தில் பணம் வருகிறது. ‘பணக்கம்’ கிடையாது. இகரம், உகரம் சேர்த்தால்? பதிம், பதும், படிம்... ஒன்றும் ஆகவில்லை.

தேவி: பதம் ஒன்றுதான் நிற்கிறது.

வாசுகி: சரி, பதக்கம்தான். கடிதம் வேண்டாம். இல்லை, எழுதத்தான் போகிறேன், ஐந்தாவது குறிப்பைப் பற்றி மட்டும். ‘பக்குவம் என்று பொருள்’ என ஒரு சொல் சேர்த்திருந்தால் பழத்துக்கு இடமே இருந்திருக்காது. அதைச் சொன்னால் தப்பில்லையே?

தேவி: தப்பே இல்லை. என் பெயரையும் போட்டுவிடு.