பூனை விஷயமாக வாத்தியார் ஐயாவுக்கு

திருவையாறு
8.8.2025

மதிப்பிற்குரிய வாத்தியார் ஐயாவுக்கு,

பக்கத்து வீட்டு மல்லிகா வணக்கத்துடன் எழுதுவது. கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பேசினால் தெருவே கேட்கும். அதனால்தான் கடிதமாக எழுதிப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் சிண்டு உங்கள் கொல்லையில் பண்ணுகிற அட்டகாசத்தை உங்கள் வீட்டு அம்மா நேற்றுச் சொன்னார்கள். சுவரோரம் வந்து பார்த்தேன். ஆடிப்பெருக்கு அன்று நீங்கள் ஊன்றிய அவரை விதை இரண்டு மேலே கிடந்தது. கீரைப் பாத்தியில் நாலு விரல் ஆழத்துக்கு ஒரு குழி, பக்கத்திலேயே மண்ணைக் கூட்டி மூடிய ஒரு மேடு. அந்த மேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெறுங்கையால் களை பிடுங்குகிறவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? எலி பிடிக்கிறதே என்று அதற்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை.

எங்கள் பக்கம் செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொத்திப் பொடியாக்கிய வண்டல் மண்ணைவிட நல்ல கக்கூஸ் பூனைக்குக் கிடைக்காது. அதனால் எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் ஆற்று மணல் நிரப்பி வைத்துவிட்டேன். தினமும் காலையில் அள்ளிச் சுத்தம் செய்வது என் வேலை. பொழுது சாயும்போது சோறு வைத்து உள்ளே அடைத்துவிடுவேன். விடிந்து மறுபடியும் தின்ன வைத்த பிறகுதான் வெளியே விடுவேன். அது அதிகம் சுற்றுவது அந்தியிலும் விடியலிலும்தான்.

சிண்டு கடுவன். உங்கள் மோட்டார் ரூம் கதவில் அடிக்கிற வாடை அதன் வேலை. கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலும் அந்தப் பழக்கமும் ஊர் சுற்றுவதும் குறைந்துவிடும். மறுநாளே மாறிவிடாது, சில வாரம் பிடிக்கும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். கதவை நானே வந்து கழுவித் தருகிறேன்.

உங்கள் பாத்திக்கு ஒரு யோசனை. முளைத்து எழும்வரை கோழி வலையை மண்மேல் படுக்கப் போட்டு நாலு மூலையிலும் கல் வைத்தால் போதும். செடி கண் வழியே வந்துவிடும், பூனைக்குக் கால் வைக்கப் பிடிக்காது. வலை எங்கள் வீட்டில் சுருட்டிக் கிடக்கிறது. அவரை, புடலைக் குழிகளைச் சுற்றித் தேங்காய் மட்டையை நெருக்கமாகக் கவிழ்த்து வைக்கலாம். மாலையில் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக வைத்தாலும் தோண்ட வராது, காய்ந்த பொலபொலப்புதான் அதற்கு வேண்டும். எலுமிச்சைத் தோல் போடச் சொல்வார்கள், வாசனை போனதும் பயனில்லை. நேரில் பார்த்தால் குழாயைத் திருப்பித் தண்ணீர் அடியுங்கள், எனக்கு வருத்தமே இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்துருண்டையோ பினாயிலோ போட வேண்டாம். இரண்டும் பூனைக்கு விஷம். உங்கள் பேரன் அந்துருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டாலும் ஆபத்துதான். எலி மருந்து வைப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அத்தனை நாளும் சிண்டுவைக் கட்டிப்போட்டு வைக்கிறேன்.

உங்கள் வீட்டுத் தங்கச்சி பிரசவத்துக்கு வருகிறாள் என்று அம்மா சொன்னார்கள். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். கர்ப்பிணிக்கு அது புதிதாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம். எல்லாப் பூனையிடமும் எப்போதும் இருக்கும் என்றில்லை. கழிவு வெளியே வந்து குறைந்தது ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும் என்பதால் அன்றன்றே அள்ளுவது முக்கியம். அவள் தோட்டத்து மண்ணில் கை வைக்காமல் இருக்கட்டும். கீரையை நன்றாக அலசிச் சமையுங்கள். மற்றதை அவளைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், சிண்டு உங்கள் பக்கம் இறங்குவது எங்கள் முருங்கைக் கிளை வழியாக. அதையும், சுவரில் செங்கல் பெயர்ந்த இடைவெளியையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சரி செய்ய ஆள் சொல்லியிருக்கிறேன், செலவு எங்களுடையது. உங்கள் பக்கமும் சாரம் போட வேண்டியிருக்கும், கொல்லைக் கதவைத் திறந்து வைக்க முடியுமா? ஆட்களோடு பையனும் வந்து பாத்தியைச் சுத்தம் செய்து வலையைப் போட்டுவிடுவான். அவரை விதையும் கீரை விதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்றைக்கு வசதிப்படாது என்றால் அவனிடமே சொல்லி அனுப்புங்கள், வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மல்லிகா