டிஸ்சார்ஜ் குறிப்புகளின் எளிய சுருக்கம் கோரி மருத்துவருக்கு ஒரு கடிதம்

தோஹா,
18.11.2025

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். இம்மாதம் 9ஆம் தேதி மாரடைப்புடன் தங்கள் சிகிச்சையில் சேர்ந்து, ஸ்டென்ட் வைக்கப்பட்டு, 14ஆம் தேதி வீடு திரும்பிய மயிலாடுதுறை திருமதி சரோஜாவின் மகன் நான். தக்க நேரத்தில் அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்த தங்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

டிஸ்சார்ஜ் சம்மரியின் நான்கு பக்கங்களையும் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவற்றின் சாரத்தை, அம்மா தாமே படித்து நடந்துகொள்ளும்படி, ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதித் தர வேண்டுகிறேன். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், பிறர் வாய்மொழியாகச் சொல்வதைவிடக் கையெழுத்திட்ட தாளையே அவர் நம்புவார்.

அதில் விளக்க வேண்டியவற்றுள் ஒன்று அவசரமானது. கிரியேட்டினின் 1.6 இருப்பதால் மெட்ஃபார்மின் நிறுத்தி வைக்கப்பட்டதாக இரண்டாம் பக்கத்தில் உள்ளது. கடைசிப் பக்க மருந்துப் பட்டியலில் அதுவும் இல்லை, அதற்கு மாற்றான சர்க்கரை மாத்திரையும் இல்லை, மீண்டும் எப்போது தொடங்குவது என்ற குறிப்பும் இல்லை. பழைய அட்டைகள் வீட்டிலேயே இருப்பதால், தங்களைக் கேட்காமல் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 212. இதற்கு மட்டும் முன்னதாக ஒரு வரி பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

மற்றவற்றில், இதயத்தின் பம்பு செய்யும் திறன் 40 சதவீதம் என்றிருப்பதைக் கொண்டு அம்மா மாடிப்படி ஏறலாமா, குடத்தில் தண்ணீர் தூக்கலாமா என்று தெரிய வேண்டும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எத்தனை மாதம் தொடர வேண்டும்? அடுத்த மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவதாக இருந்ததால், பல் மருத்துவர் அவற்றை நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது என்பதையும் குறிப்பிடுங்கள். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் என்ற கட்டுப்பாட்டை அம்மா ஏற்க மறுக்கிறார். சென்ற ஆண்டு சிறுநீர்த் தொற்று வந்தபோது மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார்களாம். மோரும் ரசமும் இந்தக் கணக்கில் சேருமா என்பது அவருடைய கேள்வி. அவரிடம் ஊறுகாயை நிறுத்தச் சொல்லும் வரி தங்கள் கையால் எழுதப்பட்டிருந்தால் நல்லது.

தஞ்சாவூர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகக்கூடும் என்பதால், கால் வீக்கம், எடை கூடுதல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி ஆகியவற்றில் எதற்கு மறுநாள் வரை காத்திருக்கலாம், எதற்கு உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் பிரித்து எழுதக் கோருகிறேன்.

தம் மருத்துவ விவரங்களை எனக்குத் தெரிவிக்கலாம் என்று அம்மா கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் சம்மரியின் நகலும் இத்துடன் உள்ளன. 28ஆம் தேதி மறுபரிசோதனைக்கு வரும்போது சித்தி அந்தத் தாளை நேரில் பெற்றுக்கொள்வார். இதற்கான கட்டணம் எதுவாயினும் அன்றே செலுத்திவிடுவார். தாங்கள் தொலைபேசியில் பேச விரும்பினால், இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் என்னால் தடையின்றிப் பேச முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. செந்தில்குமார்