இரண்டாம் காலாண்டு விற்பனை: நிர்வாகக் குழுவுக்கான சுருக்கம் (ஜூலை–செப்டம்பர்)

அனைவருக்கும் வணக்கம்.

42 பக்க விற்பனை அறிக்கையின் சாரம் இது. விற்பனை கூடியிருக்கிறது, ஆனால் கையில் நின்ற லாபம் குறைந்திருக்கிறது. இன்று நாம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

மொத்த விற்பனை 412 லட்சம். இலக்கு 440 லட்சம், அதில் 93.6% எட்டியிருக்கிறோம். முந்தைய காலாண்டின் 395 லட்சத்தைவிட இது 4.3% அதிகம். மொத்த லாப விகிதம் மட்டும் 31.5 சதவீதத்திலிருந்து 28.9 ஆக இறங்கிவிட்டது. அதாவது 17 லட்சம் கூடுதலாக விற்றும், மொத்த லாபம் 124.4 லட்சத்திலிருந்து 119.1 லட்சமாகக் குறைந்திருக்கிறது.

வழிவாரியாக:

- டீலர்கள்: 214 லட்சம் (இலக்கு 250)
- ஆன்லைன்: 118 லட்சம் (இலக்கு 105)
- நிறுவன ஆர்டர்கள்: 80 லட்சம் (இலக்கு 85)

டீலர் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 214 லட்சத்தில் 102 லட்சம் செப்டம்பர் மாதத்தில் மட்டும் வந்தது. அந்த மாதம் நாம் கொடுத்த 8% தள்ளுபடிதான் காரணம். லாப விகிதச் சரிவில் பாதிக்கு மேல் அதனால் வந்தது, மீதி வடிகட்டிச் சவ்வின் விலை ஏறியதால். சரக்கு இன்னும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகவில்லை: டீலர்களின் கிடங்கில் இப்போது 52 நாள் இருப்பு உள்ளது, வழக்கமாக 35 நாள்தான் இருக்கும். 60 நாள் தாண்டிய நிலுவையும் 21 லட்சத்திலிருந்து 38 லட்சமாகிவிட்டது. அடுத்த காலாண்டின் விற்பனையில் ஒரு பகுதியை இப்போதே எடுத்துக் கணக்கில் காட்டியிருக்கிறோம் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஆன்லைனில் நல்ல செய்தி. மாற்று வடிகட்டி விற்பனை 29 லட்சத்திலிருந்து 41 லட்சமாக உயர்ந்திருக்கிறது. இதில் தள்ளுபடி எதுவும் இல்லை, பழைய வாடிக்கையாளர்கள் தாங்களாகவே திரும்பி வந்து வாங்கியது. ஆகஸ்டில் 11 நாள் சரக்கு தீர்ந்துபோய் 340 ஆர்டர்கள் ரத்தானது வருத்தம்தான்.

நிறுவன ஆர்டர்களில் பெரிய மாற்றமில்லை. செப்டம்பரில் முடிய வேண்டிய ஒரு ஆர்டர் அக்டோபருக்குத் தள்ளிப்போனது, அவ்வளவே.

அடுத்து செய்யப்போவது:

1. டீலர் இருப்பு 40 நாளுக்குக் கீழே இறங்கும்வரை புதிய தள்ளுபடி கிடையாது. பொறுப்பு: விற்பனைத் தலைவர், உடனடியாக.
2. 60 நாள் தாண்டிய நிலுவை உள்ள டீலர்களுக்குப் பணம் வந்த பிறகே அடுத்த சரக்கு. பட்டியலை நிதிப் பிரிவு அக்டோபர் 15-க்குள் தரும்.
3. மாற்று வடிகட்டிக்கு எப்போதும் 45 நாள் கையிருப்பு. பொறுப்பு: கொள்முதல் பிரிவு, அக்டோபர் 31-க்குள்.

உங்கள் முடிவு தேவைப்படுவது ஒன்றில். மூன்றாம் காலாண்டின் டீலர் இலக்கை 255 லட்சத்திலிருந்து 225 ஆகக் குறைக்கப் பரிந்துரைக்கிறேன். பழைய இலக்கையே வைத்தால் டிசம்பர் கடைசியில் விற்பனைக் குழு மறுபடியும் தள்ளுபடி கேட்டு நிற்கும். அக்டோபர் 10 வெள்ளிக்குள் பதில் கிடைத்தால், திங்கள் காலைக் கூட்டத்திலேயே புதிய இலக்கைக் குழுவிடம் சொல்லிவிடலாம்.

விற்பனைப் பகுப்பாய்வுப் பிரிவு